உலோகப் பெட்டிக்குள் மொபைல்: வாய்மொழித் தேர்வில் கேட்ட ஒரு கேள்வி

இயற்பியல் இறுதியாண்டு வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்டது இது: "மூடிய உலோகப் பெட்டிக்குள் மொபைலை வைத்தால் சிக்னல் ஏன் போய்விடுகிறது?" படித்ததை அப்படியே சொன்னேன்: கடத்திக்குள் மின்புலம் சுழி, காஸ் விதி. தேர்வாளர் உடனே, "அது அசையாத மின்னூட்டங்களுக்கு. இங்கே வருவது நொடிக்கு 90 கோடி முறை அதிரும் அலை, அதற்குச் சொல்லுங்கள்" என்றார். என்னிடம் பதில் இல்லை. இதே பாடத்துக்குத் தயாராகிறவர்கள் அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அலை உலோகத்தைத் தொட்டதும் அதன் மின்புலம் அங்குள்ள கட்டற்ற எலக்ட்ரான்களை அதே வேகத்தில் ஆட்டுகிறது. ஆடும் எலக்ட்ரான்கள் என்றால் மேற்பரப்பில் ஓடும் மின்னோட்டம். அந்த மின்னோட்டமும் ஓர் அலையை வெளியிடும். அந்தப் புது அலை, பெட்டியின் உட்பக்கம் வந்த அலைக்கு நேரெதிராக நின்று அதை அழிக்கிறது. வெளிப்பக்கம் அதுவே எதிரொளிப்பாகத் திரும்புகிறது. ஆக, உலோகம் சிக்னலை உறிஞ்சிவிடுகிறது என்று எழுதாதீர்கள். பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படுகிறது. உள்ளே நுழையும் சொற்பமும், அலுமினியத்தில் 900 மெகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு 2.7 மைக்ரோமீட்டருக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே போகும். அதனால் மெல்லிய அலுமினியத் தாளே போதும். பெட்டியைத் தரையோடு இணைக்க வேண்டுமென்று பலர் எழுதுகிறார்கள், அதுவும் தேவையில்லை.

சரி, ஓட்டைகள் உள்ள கம்பி வலை எப்படித் தடுக்கிறது? மின்னோட்டம் கம்பிகள் வழியாகவே ஓடிவிடுகிறது. கண்ணி அலைநீளத்தைவிட மிகச் சிறிதாக இருந்தால் அலைக்கு அந்த ஓட்டை கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது. இங்கே "மிக" என்ற சொல்லை விட்டுவிட்டதுதான் என் அடுத்த தவறு. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 செ.மீ. அப்படியானால் 1 செ.மீ. கண்ணி தாராளமாகப் போதும் என்று நினைத்து, வலையால் ஒரு கூண்டு செய்து மொபைலை வைத்தேன். அழைத்ததும் மணி அடித்தது!

வலைக்கூண்டில் ஒரு வசதி, வெளியிலிருந்தே திரையைப் படிக்கலாம். அமைப்புகளில் சிம் நிலை பகுதியில் சிக்னல் வலிமை dBm அலகில் தெரியும். வெளியே -60 dBm காட்டிய மொபைல் கூண்டுக்குள் -80-ஐ ஒட்டிக் காட்டியது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. அலைநீளத்தில் பாதியைக் கண்ணியின் அகலத்தால் வகுத்து இருமடியாக்கினால், திறன் எத்தனை மடங்கு குறையும் என்று தோராயமாகக் கிடைக்கும். 16.5-ஐ 1-ஆல் வகுத்து இருமடியாக்கினால் சுமார் 270; அதாவது 24 டெசிபெல். மொபைலோ -110 dBm வரைகூடச் சமாளிக்கும். -60-க்கும் -110-க்கும் உள்ள அந்த 50 டெசிபெல் இடைவெளி என்பது திறனில் ஒரு லட்சம் மடங்கு. கண்ணி 1 மி.மீ. ஆனால் 44 டெசிபெல் கிடைக்கும். சிக்னல் -104-க்கு இறங்கி அறுந்துபோகும் நிலைக்கு வரும். சிக்னல் வலுவான இடத்தில் அதுவும் போதாது, இரட்டை வலை வேண்டும். மேலும், அலைநீளம் பாதியாகும் 1800 மெகாஹெர்ட்ஸில் அதே வலை 6 டெசிபெல் குறைவாகவே தடுக்கும். மொபைல் எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று தெரியாமல் முடிவு சொல்லக் கூடாது.

அப்புறம் தகரப் பெட்டியை எடுத்தேன். ஓட்டையே இல்லை, ஆனாலும் சிக்னல் கசிந்தது. காரணம் மூடியின் விளிம்பு. அங்கே பெயின்ட் இருந்ததால் மூடியும் பெட்டியும் மின்சாரத் தொடர்பில் இல்லை. ஓடிவந்த மின்னோட்டம் அந்த இடுக்கில் தடைபடுகிறது, இடுக்கின் இருபுறமும் மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது, இடுக்கே ஆன்டெனா ஆகிவிடுகிறது. இதில் முக்கியம் இடுக்கின் நீளம். அகலம் மயிரிழையாக இருந்தாலும் போதும். அலைநீளத்தில் பாதி, அதாவது 16 செ.மீ. அளவுக்கு நீண்ட இடுக்கு, நூற்றுக்கணக்கான 1 மி.மீ. ஓட்டைகளைவிட மோசமாகக் கசியவிடும். விளிம்பில் பெயின்டைச் சுரண்டி, சுற்றிலும் அலுமினியத் தாளை அழுத்தி ஒட்டியதும் அழைப்பு போகவில்லை. அதே பெட்டியின் ஒரு துளை வழியாகச் சார்ஜர் வயரை உள்ளே விட்டு மொபைலில் செருகிப் பாருங்கள், சிக்னல் திரும்ப வந்துவிடும். வெளியே நீட்டியிருக்கும் வயர் அலையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து விடுகிறது.

மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் நுண்ணிய துளைத்தகடு இருந்தும், உள்ளே வைத்த மொபைல் பல நேரம் அடிப்பது ஏன் என்று உங்களிடம் கேட்கலாம். அந்தக் கதவு விளிம்பின் தடுப்பு அடுப்பின் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைக்கென்றே அளவெடுத்துச் செய்தது. 900 மெகாஹெர்ட்ஸுக்கு அது வெறும் நீண்ட இடுக்கு. செய்து பார்ப்பதானால் அடுப்பின் பிளக்கைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.