ஏற மூன்று மணி நேரம் என்று எழுதினால் போதாது

ஒரு மலையடிவாரத்துக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து 6 கிலோமீட்டர் நடந்து, உச்சியைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பும் பயணத்தை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். "காலை 7.40 பஸ், ஏற 3 மணி நேரம், ஆளுக்கு 500 செலவு" என்று எழுதினால் எல்லாம் உண்மைதான். ஆனாலும் அடுத்த வருடம் போகிறவருக்கு இதில் பாதிகூட உதவாது. பஸ் நேரம் மாறியிருக்கும், அவர் நடையும் என் நடையும் ஒன்றல்ல, அவர் தனியாகப் போகலாம். எனவே நான் எழுதும்போது, படிப்பவர் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்ள என்ன தேவையோ அதைத்தான் முதலில் தருகிறேன்.

நடையிலிருந்து தொடங்குகிறேன், அதிகம் ஏமாற்றுவது அதுதான். எனக்கு 3 மணி நேரம் ஆனது என்றால் அதில் படம் எடுத்தது, தண்ணீர் குடித்தது, நிழலில் உட்கார்ந்தது எல்லாம் சேர்ந்திருக்கும். அதனால் தூரத்தையும் ஏற்றத்தையும் எழுதிவிடுவேன்: 6 கிலோமீட்டர், 450 மீட்டர் ஏற்றம். 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். நம் பாதைக்கு 72 நிமிடம், கூட 45 நிமிடம், ஆக ஏறத்தாழ 2 மணி நேரம். இது நிற்காமல் நடக்கிற, பழகிய ஆளுக்கான கணக்கு. வழுக்குப்பாறை, மழைச்சேறு, கைக்குழந்தை எதுவும் இதில் இல்லை. என் நடை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் பிரித்துப் பக்கத்தில் எழுதினால், வாசகர் தன் நடை எங்கே நிற்கும் என்று ஊகித்துக்கொள்வார்.

அடுத்தது பஸ். போகும் பஸ்ஸைவிடத் திரும்பும் கடைசி பஸ்தான் முக்கியம், முழு நாளையும் அதுதான் கட்டிப்போடுகிறது. அடிவாரத்திலிருந்து கடைசி பஸ் மாலை 4.15 என்றால் அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவேன். அரை மணி நேரம் கையில் வேண்டும், 3.45. இறங்க ஒன்றரை மணி, 2.15. மேலே ஒரு மணி நேரம், 1.15. ஏற, ஓய்வும் சேர்த்து, 3 மணி, 10.15. கட்டுரையில் நான் தடித்த எழுத்தில் போடும் வரி இதுதான்: "10.15-க்குள் ஏறத் தொடங்காவிட்டால் உச்சிவரை போகாதீர்கள்." கணக்கையும் கீழே காட்டிவிடுவேன். கடைசி பஸ் நாளை 3.30 ஆகிவிட்டால், வாசகரே 9.30 என்று திருத்திக்கொள்வார்.

பஸ் ஒன்றுக்கு மூன்று விவரம் வேண்டும்: எந்த நிறுத்தத்தில் புறப்பட்டது, என்ன கிழமை, நான் ஏறியது அட்டவணைப்படி வந்ததா, தாமதமாக வந்ததா. 7.40 என்று பலகையில் இருந்ததும் 7.55-க்கு வந்ததும் வேறு வேறு செய்திகள். நிறுத்தத்து அட்டவணைப் பலகையைப் படம் பிடித்துவிடுங்கள். போன் படத்தோடு நாளும் நேரமும் தானாகப் பதிந்துவிடும், வீட்டுக்கு வந்து ஞாபகத்தைக் கசக்க வேண்டாம். டிக்கெட்டையும் அன்றே படம் எடுப்பது நல்லது. வெப்பத்தாளில் அச்சிட்டவை வெயிலில் சீக்கிரம் மங்கிப்போகும்.

செலவில் நான் கண்டிப்பாகப் பிரிப்பது, ஆளுக்கு ஆவதையும் வண்டிக்கு ஆவதையும். நாலு பேர் சேர்ந்து 2,000 கொடுத்து வண்டி எடுத்தால் ஆளுக்கு 500. அந்த 500-ஐ மட்டும் எழுதினால், தனியாக வருகிறவர் 500-ஐ எடுத்துக்கொண்டு வந்து நிற்பார், வண்டிக்காரர் 2,000 கேட்பார். பஸ் கட்டணம், நுழைவுச்சீட்டு ஆளுக்கு. வாடகை வண்டி, வழிகாட்டி குழுவுக்கு. அறை வாடகை இந்த இரண்டுக்கும் நடுவில். பேரம் பேசிய தொகையென்றால் முதலில் கேட்டதையும் முடிவானதையும் சேர்த்தே எழுதுவேன். விடுமுறைக் கூட்டத்தில் போனேனா, ஆளில்லாத மாதத்திலா என்பதும் வேண்டும், ஏனென்றால் அறை வாடகை அதைப் பொறுத்தே ஏறி இறங்கும்.

கட்டுரையின் தலையில் ஒரு தேதி போட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அது போதாது. பாதை பல வருடம் நிற்கும், கட்டணம் நிற்காது. அதனால் ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் மாதமும் வருடமும் இருக்கும். யாராவது புதிய கட்டணம் சொன்னால், பழையதை அழிக்காமல் புதியதை அதன் தேதியோடு அருகில் சேர்க்கிறேன், நானே நேரில் பார்க்காததென்றால் "வாசகர் சொன்னது" என்று குறிப்பிட்டு. இரண்டு வருடத் தொகைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், மூன்றாவது வருடம் வருகிறவர் எவ்வளவு கூடுதலாக எடுத்துவர வேண்டும் என்று தெரிந்துகொள்கிறார்.