அரை மணித்தியாலம் பின்தங்கிய லொக்

யாழ்ப்பாணத்திலிருந்து இலங்கையின் 4S7 அழைப்புக்குறியில், FT8 எனும் கணினிவழி முறையில் செய்த அமெச்சூர் வானொலித் தொடர்புகளை, இரு தரப்பின் லொக் எனும் பதிவேடுகளையும் ஒப்பிட்டு உறுதிப்படுத்தும் லொக்புக் ஒஃப் த வேர்ல்ட் இணையச் சேவையில் ஏற்றியபோது, சில உடனே உறுதியாகின, மற்றவை அசையவேயில்லை. எதிர்முனைக்காரர்களும் தங்கள் லொக்கை ஏற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அழைப்புக்குறியும் அலைவரிசையும் சரி. மிஞ்சியது நேரம்தான்.

அந்தச் சேவை இரு தரப்பு லொக்கிலும் தொடக்க நேரம் 30 நிமிடத்துக்குள் இருந்தால்தான் பொருத்தும். அதனால் இருவரும் யூ.ரி.சி. எனும் உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும். மே 5 அதிகாலை 1.10க்கு நான் ஜேர்மனிக்காரர் ஒருவரோடு தொடர்புகொண்டேன். அவருக்கு அப்போது மே 4 இரவு 9.40. அவரவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினால் திகதியே வேறு. யூ.ரி.சி.யில் இருவருக்கும் மே 4, 19:40.

என் லொக்கிலோ அது 19:10 என்றிருந்தது.

நான் வாங்கிய பழைய மடிக்கணினியில் நேர வலயம் டாக்கா, அதாவது யூ.ரி.சி.க்கு 6 மணித்தியாலம் முன். முன்பு வைத்திருந்தவர் மணியை மட்டும் கையால் இலங்கை நேரத்துக்குத் திருத்தியிருக்கிறார். திரையில் மணி சரியாகத் தெரிந்தது. கணினி அதிலிருந்து ஆறு மணித்தியாலத்தைக் கழித்தே FT8 மென்பொருளான WSJT-X க்கு யூ.ரி.சி. கொடுத்ததால், ஒவ்வொரு பதிவும் உண்மை நேரத்துக்கு 30 நிமிடம் பின்தங்கியது.

FT8 இதைக் காட்டிக்கொடுக்காது. அது 15 விநாடித் துண்டுகளாக ஓடுகிறது. 30 நிமிடம் 15 விநாடிகளின் முழு மடங்கு. ஆகவே சமிக்ஞைகள் ஒழுங்காக வந்தன. எதிர்முனைக்காரர் தொடக்கத்தை ஒரு நிமிடம் முந்திக் குறித்திருந்தால் எல்லைக்குள் விழுந்தது. பிந்திக் குறித்திருந்தால் வெளியே போனது.

எனக்கு வானொலி சொல்லித் தந்த அண்ணை, "தம்பி, 1996இல இஞ்ச மணியை இரண்டு தரம் மாத்தினவங்கள், பிறகு 2006இல திருப்பி 5:30க்குக் கொண்டு வந்தவங்கள். உள்ளூர் நேரத்தில எழுதின லொக்கை இப்ப எப்பிடித் திருத்துறது?" என்றார். அரசாங்கம் நேர வலயத்தை மாற்றினாலும், யூ.ரி.சி.யில் எழுதிய லொக்குக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் அவர் சொன்னதன் பொருள்.

நான் முதலில் வலயத்தைக் கொழும்புக்கு மாற்றி, இணைய நேரத்தோடு ஒத்திசைத்தேன். WSJT-X காட்டும் கடிகாரத்தைக் கைப்பேசியின் யூ.ரி.சி.யோடு ஒப்பிட்டேன். பிறகு லொக்கைச் சேமிக்கும் ஏடிஐஎஃப் கோப்பில் பழைய பதிவுகளுக்கு அரை மணித்தியாலம் கூட்டினேன்:

```
<QSO_DATE:8>20240504 <TIME_ON:6>194000
```

23:30இலும் அதற்குப் பின்னும் எழுதப்பட்டவற்றில் திகதியும் அடுத்த நாளாயிற்று. கோப்பை அந்தச் சேவையின் TQSL மென்பொருளில் மீண்டும் கையொப்பமிட்டு ஏற்றினேன். பழைய பிழைப் பதிவுகளை நீக்க வழியில்லை. பொருந்தாமல் கிடப்பதால் தீங்குமில்லை. ஜேர்மனித் தொடர்பு உறுதியானது.