12 ரூபா பங்கை விக்கப் போன கதை

கிளிநொச்சியில இருந்து கொழும்புப் பங்குச் சந்தையில பங்கு வாங்கி விக்கிறதுக்குத் தேவையான சிடிஎஸ் கணக்குத் திறந்து போன வருசம் ரெண்டு கம்பனியில பங்கு வாங்கினனான், ஒண்டு எஸ் அண்ட் பி எஸ்எல்20 எண்ட, 20 பெரிய கம்பனியளின்ர சுட்டெண்ணில இருக்கிற பெரிய கம்பனி, மற்றது ஒரு சின்னக் கம்பனி. சின்னதில 12 ரூபாப்படி 10,000 பங்கு.

வாங்கேக்க சந்தை மூலதனம் பாத்தனான்தான். மொத்தம் 6 கோடிப் பங்கு, 12ஆல பெருக்கினால் 72 கோடி ரூபா. எனக்கு அது பெரிய காசாத் தெரிஞ்சுது. ஆனா அதில 90 வீதம் தாய்க் கம்பனியின்ர கையில, அவை விக்கவே மாட்டினம், சந்தையில சுத்துறது 60 லட்சம் பங்குதான், அதிலயும் பலர் வாங்கி வச்சிட்டுப் பேசாமல் இருக்கினம். பொதுமக்களிட்ட எத்தினை வீதம் எண்டு காலாண்டு அறிக்கையில போட்டிருக்கு, நான் அந்தப் பக்கத்தைத் திறக்கேல்லை.

மாசியில காலபோக வெட்டு வந்திட்டுது, மெசினுக்குக் காசு வேணும். ஆப்பில கடைசி விலை 11.80, அப்ப 1,18,000 கிடக்கு எண்டு நினைச்சன். ஆர் என்ன விலைக்கு எத்தினை பங்கு வாங்க நிக்கினம் எண்டு காட்டுற ஓடர் புக்கைத் திறந்தால், 11.20க்குக் கேக்கிறவை 500 பங்கு, 10.90க்கு 1,200, 10.50க்கு 3,000, அதுக்குக் கீழ 10 ரூபாதான். முழுக்க உடன வித்திருந்தால் 1,03,180 தான் வரும், அதிலயும் புரோக்கர் கட்டணம், வரியெல்லாம் சேத்து 1.12 வீதம் போகும். அந்த 11.80 ஆரோ முதல் நாள் 50 பங்கு வாங்கின விலை!

புரோக்கர் அண்ணை போனில சொன்னவர், "தம்பி, மார்க்கெட் ஓடர் போட்டிடாதையும், கிடைக்கிற விலைக்கு வித்துப்போடும், இதுக்குக் கீழ விக்காதே எண்டு ஒரு விலை சொல்லி லிமிட் போட்டு விடும்" எண்டு. 4,700ஐ மேல இருந்த மூண்டு விலையிலயும் வித்து 50,180 எடுத்தன், மிச்சத்தை 11 ரூபாக்கு லிமிட் போட்டு விட்டன், அது வித்து முடிய மூண்டு கிழமை. மெசின்காரன் அதுவரைக்கும் நிப்பானே, பெரிய கம்பனிப் பங்கில கொஞ்சத்தை வித்தன், ஒரு நிமிசத்தில போச்சு, கேட்ட விலைக்கும் கிடைச்ச விலைக்கும் 10 சதம்தான் வித்தியாசம்.

இத்தனைக்கும் அந்தச் சின்னக் கம்பனி நட்டத்தில ஓடேல்லை, லாபம் காட்டினதுதான். எண்டாலும் ஒரே ஒரு தொழிற்சாலை, பெரிய ஓடர் தாறது ஒண்டு ரெண்டு பேர், அதில ஒருத்தர் விலகினாலே லாபம் பாதியாகும், அந்தச் செய்தி வாற அண்டைக்கு வாங்க ஆள் இராது. பெரிய கம்பனியில ஒரு பிரிவு விழுந்தாலும் மற்றது தாங்கும்.

இந்திய யூடியூப் பாத்து "ஸ்மோல் கப்" எண்டு தேடுறவைக்கும் ஒண்டு சொல்லோணும். அங்க பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியின்ர கணக்கில சந்தை மூலதனப்படி முதல் 100 கம்பனி பெரிசு, 101 தொடக்கம் 250 வரை நடுத்தரம், மிச்சம் சின்னது. அங்கத்தைய சின்னதுகள் சிலது எங்கட கொழும்புச் சந்தையின்ர பெரிசுகளை விடப் பெரிசு. அந்தப் பேரை இஞ்ச கொண்டு வந்து ஒட்டாதேங்கோ, வாங்க முதல் ஒரு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் எத்தினை பங்கு கைமாறுது எண்டு எழுதிப் பாருங்கோ. நான் பிறகு எழுதினன், ஒரு நாள் 800, ஒரு நாள் 120, ரெண்டு நாள் ஒண்டுமே இல்லை. என்னட்ட இருந்ததோ 10,000.