பேட்டர்ன் போட்டோ கேள்வி: நான் ஐந்து மதிப்பெண் விட்ட இடம்

டெய்லரிங் டிப்ளமோ எழுத்துத் தேர்வில் துணி வெட்ட வைக்கும் காகித மாதிரியான பேட்டர்ன் துண்டு ஒன்றின் போட்டோவைக் கொடுத்து, அதிலுள்ள குறிகளை விளக்கச் சொல்லியிருந்தார்கள். சுடிதார் டாப்பின் முன்பக்கப் பாதி. பத்து மதிப்பெண். அதில் ஐந்து போனது ஒரே ஒரு அம்புக்குறியால்.

நடுமார்பு ஓரத்தை ஒட்டி ஒரு நீளக் கோடு. அதன் இரண்டு நுனியும் செங்கோணமாக வளைந்து, அம்பு முனைகள் ஓரத்தைத் தொட்டு நின்றன. நான் அதைத் துணியின் நூல் ஓடும் திசையைக் காட்டும் கிரெயின் லைன் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு துண்டாக வெட்டி எல்லா ஓரத்துக்கும் அரை இஞ்ச் தையல் விட வேண்டும் என்று எழுதிவிட்டேன். உண்மையில் அது மடிப்புக் குறி. அந்த ஓரத்தைத் துணியின் மடிப்போடு ஒட்டவைத்து ஒரே துண்டாக வெட்ட வேண்டும். அங்கே தையலுக்கு விடவே கூடாது. மடிப்பில் வைத்துவிட்டு அரை இஞ்ச் விட்டாலோ, பிரிக்கும்போது முன்பக்கம் ஒரு இஞ்ச் கூடியிருக்கும், கழுத்தும் அகன்றுபோகும்.

கிரெயின் லைன் அப்படியல்ல. துண்டின் உள்ளே, வளையாமல் நேராக ஓடும். அது துணியின் கரைக்கு இணையாக, அதாவது பாவு நூலின் வாக்கில் இருக்க வேண்டும். போட்டோவில் அம்பு சாய்வாகத் தெரிந்தால் உடனே நூலுக்குச் சாய்வாக வெட்டும் 'பயாஸ் கட்' என்று எழுதிவிடாதீர்கள். எடுத்தவர் கேமராவைச் சாய்த்துப் பிடித்திருக்கலாம். ஓரத்தில் அச்சிட்ட அளவுச் சதுரம் இருந்தால் அதைப் பாருங்கள். அது கோணலாக இருந்தால் படமே கோணல். அந்தப் படத்திலிருந்து அளவெடுக்க முடியாது. நிஜத் துணியில் வைக்கும்போது அம்பின் இரு நுனியிலிருந்தும் கரை வரை டேப் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக வர வேண்டும்.

துண்டுகளைச் சரியாகப் பொருத்த ஓரத்தில் போடும் சிறு வெட்டான நாட்ச்சைப் பொறுத்தவரை, கைக்குழியில் ஒற்றை வெட்டு முன்பக்கம், இரட்டை வெட்டு பின்பக்கம் என்பதுதான் பொது வழக்கம். கைத் துண்டிலும் அதே மாதிரி இருக்கும்.

துணியை மடித்துத் தைத்து உடல் வடிவம் கொடுக்கும் டார்ட்டில்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். பக்க ஓரத்திலிருந்து இரண்டு கோடுகள் உள்ளே போய் ஒரு புள்ளியில் சேரும். அந்த இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி மடித்து, புள்ளி வரை தைக்க வேண்டும். மார்பு மையத்துக்கு ஒரு சிறு வட்டம் தனியாக இருந்தால் டார்ட்டை அதுவரை இழுக்கக் கூடாது. அதற்கு முன்பே புள்ளியில் முடிந்துவிடும். இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஓரம் சின்னக் கூரை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். போட்டோவில் அது கிழிசல் மாதிரித் தெரியும். பிழை என்று நினைத்து நேராக வெட்டிவிட்டால், டார்ட்டை மடித்த பிறகு பக்கத் தையலில் அந்த இடத்தில் துணி பற்றாமல் போகும். காகிதத்தில் ஒன்றை வெட்டி, டார்ட்டைக் கீழ்நோக்கி மடித்துப் பாருங்கள். அந்தக் கூரை பக்க ஓரத்தோடு சரியாகப் போய் உட்காரும்.