பாரிஸில் இரண்டு மணி நேரம்: ஊசலுக்குக் கீழே திரும்பிய தரை

பாரிஸின் பாந்தியன் கட்டடத்துக்குள் நான் போனதே ஓர் ஊசலைப் பார்ப்பதற்காகத்தான். குவிமாடத்திலிருந்து 67 மீட்டர் நீளக் கம்பி இறங்குகிறது. அதன் நுனியில் பொன்னிறக் குண்டு. 1851இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் ஃபூக்கோ பூமி தன்னைத்தானே சுற்றுவதை இதே இடத்தில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டுக் காட்டியதன் நகல் இது. ஒருமுறை போய்த் திரும்பி வர 16 விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகிறது. அவ்வளவு நிதானமாக எதுவும் ஆடி நான் பார்த்ததில்லை.

குண்டு எதிர்ப்பக்கம் எட்டித் திரும்பும் இடத்துக்கு நேர் பின்னால் ஒரு தூண் தெரியும்படி நின்றுகொண்டேன். ஐந்து நிமிடம் வரை ஒரு மாற்றமும் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் குண்டு தூணுக்கு வலப்புறம் போய்விட்டது. மேலிருந்து பார்த்தால் அது கடிகார முள் சுற்றும் திசை. குண்டை யாரும் பக்கவாட்டில் தள்ளவில்லை. தூணும் தரையும் நானும்தான் எதிர்த்திசையில் திரும்பிக்கொண்டிருந்தோம்.

எவ்வளவு வேகத்தில் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தரையில் 6 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் தென் விளிம்பு, வட விளிம்பைவிடப் பூமியின் அச்சிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. அதனால் ஒரு நாளில் அது சுற்ற வேண்டிய வட்டமும் சற்றுப் பெரியது. இரண்டும் கிழக்கு நோக்கித்தான் ஓடுகின்றன, ஆனால் தென் விளிம்பு விநாடிக்கு 0.33 மில்லிமீட்டர் முந்துகிறது. ஒரு மணி நேரத்தில் அது 1.18 மீட்டர். 6 மீட்டர் வட்டத்தில் ஒரு விளிம்பு இன்னொன்றை இவ்வளவு முந்தினால் வட்டமே 11.3 பாகை திரும்பியிருக்க வேண்டும். பாரிஸில் ஊசல் மணிக்குத் திரும்புவதும் சரியாக 11.3 பாகைதான். முழுச் சுற்று முடிய கிட்டத்தட்ட 32 மணி நேரம்.

துருவத்துக்கு அருகே போகப்போக இது ஏன் வேகமாகிறது என்பதற்கும் இதே வட்டம் போதும். நிலநடுக்கோட்டில் வட விளிம்பும் தென் விளிம்பும் அச்சிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றன. ஒன்றை ஒன்று முந்துவதில்லை, அதனால் ஊசலின் திசையும் மாறுவதில்லை. வடக்கே போகப்போகப் பூமியின் மேற்பரப்பு அச்சை நோக்கி வளைகிறது. அதே 6 மீட்டருக்குள் அச்சிலிருந்து உள்ள தூரம் மேலும் மேலும் வேறுபடுகிறது. துருவத்தில் அச்சு வட்டத்தின் நடுவிலேயே செங்குத்தாக நிற்கும். அங்கே தரை முழுவதும் ஊசலின் அடியில் ஒரு தட்டுபோலச் சுற்றுவதால் மணிக்கு 15 பாகை கிடைக்கிறது. இடைப்பட்ட இடங்களில் 15ஐ அட்சரேகையின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். 30 பாகை அட்சரேகையில் அது 7.5 பாகை, ஒரு சுற்றுக்கு இரண்டு நாள். தென் அரைக்கோளத்தில் ஊசல் எதிர்ப்பக்கம் திரும்பும்.

ஊசலின் தளம் விண்வெளியில் அப்படியே நிலையாக நிற்கிறது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது துருவத்துக்கு மட்டுமே பொருந்தும். மற்ற ஊர்களில் கம்பி தொங்கும் செங்குத்துத் திசையே பூமியோடு சேர்ந்து சாய்ந்துகொண்டு போகிறது. பாரிஸ் ஊசல் 24 மணி நேரத்தில் தொடங்கிய இடத்துக்கு வராததும் இதனால்தான்.

சரி, இவ்வளவு நீளம் எதற்கு? குண்டை விடும்போது துளி பக்கவாட்டு வேகம் சேர்ந்துவிட்டால், அது நேர்கோட்டில் ஆடாமல் மெல்லிய நீள்வட்டம் போடும். அந்த நீள்வட்டம் பூமி சுற்றாவிட்டாலும் தானாகவே மெல்லத் திரும்பும். 2 மீட்டர் ஊசல் நடுவிலிருந்து பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் ஆடுகிறது, நடுக்கோட்டிலிருந்து 1 மில்லிமீட்டர் விலகுகிறது என்று வையுங்கள். அதனால் வரும் பொய்த் திருப்பம் மணிக்கு 13 பாகை அளவுக்குப் போகும். பூமியால் வருவதையே அது விழுங்கிவிடும். 67 மீட்டர் ஊசல் 3 மீட்டர் ஆடும்போது விலகல் 1 சென்டிமீட்டராக இருந்தாலும் பிழை மணிக்கு 0.2 பாகைதான்.

ஃபூக்கோ குண்டைக் கையால் விடவில்லை. நூலால் இழுத்துக் கட்டி, அது முழுக்க அசைவற்று நின்ற பிறகு, நூலைத் தீயால் எரித்து விடுவித்தார். 1851 ஜனவரியில் தன் வீட்டு நிலவறையில் முதலில் அவர் செய்தது வெறும் 2 மீட்டர் கம்பியோடுதான். முதல் முயற்சியில் கம்பி அறுந்துபோனது. சில நாள் கழித்து, 8ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு, ஊசல் திரும்புவதைக் கண்டார். அந்தக் குட்டைக் கம்பியில் பூமியின் திருப்பத்தைப் பிரித்துப் பார்க்க அவர் எவ்வளவு நிதானமாக வேலை செய்திருக்க வேண்டும் என்று அங்கே நின்றபடியே நினைத்துக்கொண்டேன்.

நான் கிளம்பியபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. என் கணக்குப்படி 22 பாகைக்குச் சற்று மேல். குண்டு என் தூணை விட்டு வெகுதூரம் தள்ளிப் போயிருந்தது.