இரண்டாவது கடைக்கு முன்னால் நாங்கள் போட்ட கணக்கு

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பேக்கரிக்கு ஆறு வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம் காலியாகிறது என்று போன வருடம் தம்பி வந்து சொன்னபோது, வீட்டில் எல்லாருக்கும் கை பரபரத்தது. மாத வாடகை 4,500 வெள்ளி. உரிமையாளர் இரண்டு வாரத்தில் முன்பணம் கேட்டார். நான் மட்டும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன், ஏனென்றால் அங்கே ரொட்டி விற்குமா என்று எல்லாரும் பேசினார்களே தவிர, அந்த ரொட்டியை யார், எத்தனை மணிக்கு, எந்த ஓவனில் சுடுவது என்று யாரும் கேட்கவில்லை.

சாத்தியக்கூறு ஆய்வு என்றதும் பெரிய கம்பெனிகள் செய்கிற வேலை என்று நினைத்துவிட வேண்டாம். நாங்கள் செய்ததில் முதல் வேலை, ஒன்றரை மணி நேரம் ஒரு வயர்மேனோடு அந்தக் கடைக்குள் நின்றது. மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தவர், "அக்கா, இது சிங்கிள் ஃபேஸ்தான்" என்றார். எங்களிடம் இருப்பதைப் போன்ற இரண்டடுக்கு, நான்கு டிரே மின் ஓவன் ஒன்றே கிட்டத்தட்ட 13 கிலோவாட் இழுக்கும். சிங்கிள் ஃபேஸ் இணைப்பின் வரம்பு 12 கேவிஏ. ஏர்கானும் குளிர்ப்பெட்டியும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. த்ரீ ஃபேஸ் வாங்கலாம்தான், ஆனால் பதிவுபெற்ற மின் ஒப்பந்ததாரர் விண்ணப்பிக்க வேண்டும், உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், உள் வயரிங்கை மாற்ற வேண்டும், மின்சார நிறுவனமான தெனாகாவுக்குப் பிணைப்பணம் கட்ட வேண்டும். வாடகைக்கு இருக்கும் இடத்தில் இவ்வளவு பணத்தைச் சுவருக்குள் புதைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, செந்தூலிலேயே சுட்டு வேனில் அனுப்புவோம் என்று முடிவு செய்து, அதை மூன்று நாள் பொய்யாக நடத்திப் பார்த்தோம். இரண்டாவது கடை இருப்பதாகவே வைத்துக்கொண்டு, வழக்கமான 380 பன்னோடு இன்னொரு 250 சேர்த்து மாவு பிசைந்தோம். கூடுதலாக வந்ததைக் கோயிலுக்கும் தெரிந்தவர்களுக்கும் கொடுத்தோம். ஓவனுக்குள் ஒரு தடவைக்கு 60 பன் போகும். வெந்து, இறக்கி, மறுபடி சூடேறி, அடுத்தது உள்ளே போக 20 நிமிடம். 630 பன்னுக்கு 11 தடவை. ஆனால் வேன் ஆறரைக்குக் கிளம்ப வேண்டும் என்றால், மூன்றே முக்காலுக்கு ஆரம்பித்தாலும் எட்டு தடவைதான் முடியும். மிச்ச மூன்று தடவைக்கான டிரேக்கள் 31 டிகிரி சமையலறையில் காத்துக் கிடந்தன.

அந்த டிரேக்களை நான் மறக்க மாட்டேன். நன்றாகப் பொங்கிய பன்னை விரல் நுனியால் அழுத்தினால் பள்ளம் மெதுவாகத் திரும்பி வரும். இவற்றில் அழுத்திய இடம் அப்படியே நின்றது, மேல்தோல் சுருங்கத் தொடங்கியிருந்தது, தம்பி ஒரு டிரேயைத் தூக்கி ஓவன் வாயில் வைத்தபோது ஏற்பட்ட லேசான அதிர்விலேயே நடு வரிசை அமுங்கிவிட்டது. வெந்த பிறகு தட்டையாக, வாயில் வைத்தால் புளிப்பு தட்டியது. மாவு பிசையும் இயந்திரம்தான் போதாது என்று அதுவரை நினைத்திருந்தோம். பற்றாக்குறை ஓவன் நேரத்தில்தான்.

இரண்டாவது ஓவன் வைக்க செந்தூல் கடையில் இடம் கிடையாது. எனவே நேரத்தை நீட்ட வேண்டும். மாலை மூன்று மணிக்கே பன்களை உருட்டி, 4 டிகிரி குளிரில் இரவெல்லாம் வைத்து, தேவையான வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்துப் பொங்க வைத்தால், எந்த டிரேயும் ஓவனுக்காகக் காத்திருக்காது. அதிகாலை இரண்டரை மணிக்கே சுட ஆரம்பிக்கலாம். இதற்கு ஒரு குளிர் அலமாரியும் கூடுதலாக ஒரு மாஸ்டரும் தேவை. இருக்கிற மாஸ்டரையே நீட்டி வேலை வாங்கலாம் என்று தம்பி சொன்னான். வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சட்டம், அவர் இப்போதே அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி நான் மறுத்தேன்.

அப்புறம் விற்பனை. பிரிக்ஃபீல்ட்ஸில் அதே வரிசையில் இருந்த ஒரு டீக்கடை அண்ணனிடம் பேசி, நான்கு வாரம் தினமும் 80 பன்களை விற்றுத் தரும் ஏற்பாட்டில் வைத்தோம். காலை ஒன்பதுக்குள் பாதிக்கு மேல் போய்விடும். ஆனால் மாலை ஐந்தரைக்கு, வேலை முடிந்து மோனோரயிலுக்கும் கேஎல் சென்ட்ரலுக்கும் ஆட்கள் நடக்கும் நேரத்தில், காலையில் சுட்ட பன் காய்ந்திருக்கும். "சூடா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். சராசரியாக 22 பன் திரும்பி வந்தது.

பணக் கணக்கை இதற்குப் பிறகுதான் போட்டேன். எங்கள் கடையில் 100 வெள்ளி விற்றால் பொருளுக்கும் பைக்கும் 38, வீணாவது 7, அட்டைக் கட்டணம் 1, கையில் நிற்பது 54. புதுக் கடைக்கு மாதச் செலவு, வாடகை, மூன்று ஆள் சம்பளம், சேமநிதிக்கு முதலாளி கட்டும் 13 விழுக்காடு, கூடுதல் மாஸ்டர், வேன், கடன் தவணை எல்லாம் சேர்த்து 17,800. ஒரு ரசீது சராசரி 9 வெள்ளி, மாதத்துக்கு 26 நாள். கையைக் கடிக்காமல் இருக்க நாளுக்கு 141 ரசீது வேண்டும். அதோடு, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து செந்தூலுக்கு வந்து வாங்குகிறவர்கள் நாளுக்கு 25 பேர் என்று கல்லாவில் கேட்டுக் குறித்திருந்தோம். அவர்கள் இடம் மாறினால் அது புது வியாபாரம் ஆகாது. ஆக 166.

இதே தாளில் இரண்டு எண்களை மட்டும் மாற்றிப் பார்த்தேன். வாடகையை 2,800 ஆக்கினால் 13 ரசீது குறைகிறது. வீணாவது 7-லிருந்து 15 ஆனால் 24 ரசீது கூடுகிறது. வாடகைக்காக நாங்கள் ஒரு மாதமாக மன்றாடிக்கொண்டிருந்தோம், ஆனால் அந்த 22 காய்ந்த பன்தான் அதைவிடப் பெரிய ஓட்டை. வங்கியில் பேசிய அதிகாரிகூட வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டாரே ஒழிய, மாலையில் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்கவில்லை.

முதலில் பார்த்த கடையை விட்டுவிட்டோம். தம்பிக்கு வருத்தம்தான், இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்று மாதம் கழித்து இரண்டு வரிசை பின்னால் 2,800 வெள்ளிக்கு ஒரு சின்ன இடம் கிடைத்தது. அதுவும் சிங்கிள் ஃபேஸ்தான், ஆனால் 3 கிலோவாட்டுக்குள் அடங்கும் ஒரு சின்ன காற்றோட்ட ஓவனுக்கு அது போதும். காலைச் சரக்கு முழுவதும் செந்தூலில் சுட்டு வருகிறது. அதே வேனில், உருட்டிய பன்னும் கறிபாப்பும் குளிர்ப்பெட்டியில் வந்து இங்கே காத்திருக்கும். மாலை நாலரையிலிருந்து கேட்கக் கேட்க ஒரு டிரேயாகச் சுடுகிறோம். அங்கே இருக்கும் மூன்று பேருக்கும் உணவு கையாளும் பயிற்சி, டைபாய்டு ஊசி, கடைக்கு மாநகராட்சி உரிமம் எல்லாம் புதிதாகவே எடுக்க வேண்டியிருந்தது. உரிமம் வரும்வரை வாடகை ஓடுமே என்பதால், முதல் மாதத்தை இலவசமாகக் கேட்டு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினோம்.

வாடகை குறைந்ததில் இலக்கு 153. சின்ன ஓவனுக்கு மின்கட்டணத்தில் கொஞ்சம் கூடியிருக்கிறது, அதை இன்னும் சேர்க்கவில்லை. இது மூன்றாவது மாதம். நேற்று 148 ரசீது, கடை மூடும்போது மிஞ்சியது 11 பன்.