தெர்மோவில் A: மூன்று கணக்கும் ஒரு 13 மார்க் கேள்வியும்

தெர்மோடைனமிக்ஸில் A வந்துவிட்டது. மூன்றாவது செமஸ்டரில் நான் அதிகம் பயந்த பேப்பர் இது. ரிசல்ட் பக்கம் திறந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்புறம்தான் மூச்சே சரியாக வந்தது. பாளையங்கோட்டையில் என்னோடு அறையில் தங்கியிருக்கும் ஜூனியர்கள் நான்கு நாளாக "அண்ணே, எப்படிண்ணே கணக்குப் போட்டீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். அண்ணா பல்கலை 2021 ரெகுலேஷன், தியரி பேப்பர் மட்டும்.

அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவன் கேட்டான்: "முதல் அசெஸ்மென்ட்ல 69 வந்திருக்குண்ணே. அப்ப B+ உறுதிதானே?" இல்லை. அந்த 69 என்பது கையில் இருக்கும் மார்க் இல்லை. ஒரு அசெஸ்மென்டுக்கு மொத்தத்தில் 20 தான் எடை. அதனால் 69 எடுத்தவன் கையில் 13.8 இருக்கிறது. மீதி 80 மார்க் இன்னும் வரவேண்டியது. கணக்கு இவ்வளவுதான்:

```
மொத்தம் = A1 × 0.2 + A2 × 0.2 + தாள் × 0.6
```

A1, A2 இரண்டு அசெஸ்மென்ட். தாள் என்பது நூற்றுக்கு எழுதும் செமஸ்டர் பரீட்சை. சூத்திரம் யாருக்கும் தெரியும். A2-விலும் தாளிலும் என்ன எண்ணைப் போடுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மோசமான நிலைக்கு 0, நல்ல நிலைக்கு 100 என்று போட்டால் விடை 13-க்கும் 94-க்கும் நடுவில் எங்கோ நிற்கும். அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. மூன்று நிலைக்கும் எண்ணை உங்கள் பழைய மார்க்கிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஆனால் பல்கலை நமக்குத் தாள் மார்க்கைக் காட்டாது, கிரேடு மட்டும்தான் வரும். இங்கேதான் நான் செய்த வேலை. நிலையான எல்லை வைத்துக் கிரேடு போடும்போது ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு எல்லை உண்டு. இரண்டு அசெஸ்மென்டும் சேர்ந்து நாற்பதுக்கு வரும் இன்டர்னல் மார்க் நமக்குத் தெரியும். எல்லையிலிருந்து இன்டர்னலைக் கழித்து 0.6-ஆல் வகுத்தால், தாளில் எந்த அளவுக்கு எடுத்தோம் என்பது வெளியே வந்துவிடும். கணக்குப் போடும் பேப்பர்களை மட்டும் எடுத்தேன். தமிழ், ஆங்கிலத்தைச் சேர்க்கவில்லை.

- கணக்கு 1: B+ (61–70), இன்டர்னல் 31. தாளில் 50–65.
- கணக்கு 2: A (71–80), இன்டர்னல் 33. தாளில் 63–78.
- இயற்பியல்: B (56–60), இன்டர்னல் 29. தாளில் 45–52.

இதில் மிகக் கீழே 45, மிக மேலே 78. ஒவ்வொரு வரியின் நடுப்புள்ளியையும் எடுத்து வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது சுமார் 58. இதுதான் என் வழக்கமான தாள் மார்க். சராசரி எடுக்காமல் நடு எண்ணை எடுத்தேன். ஒரே ஒரு நல்ல செமஸ்டர் எல்லாவற்றையும் மேலே தூக்கிக் காட்டிவிடக் கூடாது.

இரண்டாவது அசெஸ்மென்டும் அப்படித்தான். அதில் அசைன்மென்ட் 40, எழுத்துத் தேர்வு 60. அசைன்மென்டில் 34-லிருந்து 38 வரைதான் எனக்கு ஆடும். எழுத்துத் தேர்வுதான் 24-க்கும் போகும், 45-க்கும் போகும், வழக்கமாக 34. ஆக A2 மோசமானால் 58, வழக்கமாக 70, நன்றாக எழுதினால் 83.

என் A1-உம் அதே 69 தான். இனி மூன்று நிலையையும் போட்டால்:

- மோசம்: 13.8 + 11.6 + 27 = 52.4. C.
- வழக்கம்: 13.8 + 14 + 34.8 = 62.6. B+.
- நலம்: 13.8 + 16.6 + 46.8 = 77.2. A.

மோசமான வரியை அப்படியே நம்பிவிடாதீர்கள். அரியர் இல்லாதவனின் பழைய மார்க்கில் 45-க்குக் கீழே எதுவும் இருக்கவே முடியாது, ஏனென்றால் தாளில் 45 இல்லாமல் பாஸே இல்லை. அதாவது அந்த 45 என் அடிமட்டம் என்பதைவிடப் பல்கலை போட்ட கோடு என்பதுதான் சரி. அதில் ஐந்தைக் குறைத்து 40 என்று போட்டுப் பாருங்கள்: மொத்தம் 49.4, அரியர். இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இதையொட்டி இன்னொன்று. பாஸுக்கு மொத்தத்தில் 50 வேண்டும், தாளில் 45 வேண்டும். தாளில் 45 என்றால் அறுபதுக்கு 27. அப்படியானால் இன்டர்னல் 23 வந்துவிட்டால் 50 தானாகவே நிறைந்துவிடும். அதற்கு மேல் வரும் இன்டர்னல் கிரேடை ஏற்றுமே தவிர, பாஸுக்கு ஒரு துளியும் உதவாது. இன்டர்னல் 38 வைத்திருப்பவனும் தாளில் 44 எடுத்தால் அரியர்தான். 23-க்குக் கீழே இருப்பவனுக்குக் கணக்கே வேறு: இன்டர்னல் 18 என்றால் தாளில் 54 வேண்டும். நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

சரி, எனக்கு வேண்டியது A, அதாவது 71. வழக்கமான இன்டர்னல் 28 என்று வைத்தால் தாளில் 43/60, அதாவது 72 வேண்டும். என் வழக்கமோ 58. இடைவெளி 14. இந்த 14-ஐப் பார்த்ததும்தான் எனக்குப் பாதை தெரிந்தது. பார்ட் பி-யில் ஒரு கேள்வி 13 மார்க். B+-க்கும் A-க்கும் நடுவில் ஒரு முழு பார்ட் பி கேள்வியும் ஒரு இரண்டு மார்க் கேள்வியில் பாதியும்தான் நிற்கின்றன!

இன்டர்னலைத் தூக்கினால் போதாதா என்றால், போதாது. A2-வில் மூன்று மார்க் கூடினால்தான் தாளில் ஒரு மார்க் எடுத்ததற்குச் சமம். 70-ஐ 83 ஆக்கினாலும் தாளில் நான்கு மார்க்தான் சுமை குறையும். அதற்காக A2-வைக் கைவிடச் சொல்லவில்லை. இரண்டுக்கும் ஒரே பாடம்தான் என்பதால் அதற்குப் படிப்பதும் தாளுக்குத்தான் போகும்.

நான் முந்தைய செமஸ்டர்களில் எந்தப் பேப்பரிலும் ஒரு யூனிட்டை ஓரங்கட்டிவிட்டு மீதியை வைத்தே எழுதி வந்தவன். தெர்மோவில் அப்படி ஒதுங்கி நின்றது ஸ்டீம் டேபிள் பார்த்துப் போடும் கணக்குகள். அதையே எடுத்தேன். அழுத்தத்தைப் பார்த்து வெப்பநிலை எடுப்பது, உலர்வுப் பின்னம் கண்டுபிடிப்பது, டேபிளில் இல்லாத மதிப்புக்கு இரண்டு வரிசைக்கு நடுவே இடைமதிப்பு போடுவது: இந்த மூன்றையும் கை பழகும்வரை போட்டேன். வேறு எந்த யூனிட்டையும் புதிதாகத் தொடவில்லை. தெரிந்ததைத் திரும்பப் போட்டதோடு சரி. பரந்து படிப்பவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம். ஒன்றைப் பிடித்தால் விடாதவர்களுக்கு ஒத்துவரும்.

ஜூனியர்களுக்கு அவசரமாக:

- A1 வந்த அன்றே கணக்கைப் போடுங்கள். A2 முடிந்த பிறகு தாள் ஒன்றுதான் மிச்சம்.
- லேப் சேர்ந்த பேப்பருக்கு எடை வேறு. இந்தச் சூத்திரத்தை அங்கே போடாதீர்கள்.
- வேண்டிய மார்க்கும் வழக்கமான மார்க்கும் 25-க்கு மேல் விலகினால் அது இரண்டு பார்ட் பி கேள்வி. அப்போது ஒரு கிரேடு இறக்கிக் குறி வையுங்கள்.

இந்தமுறை இன்டர்னல் 29 வந்தது. கிரேடு A. திருப்பிப் போட்டால் தாளில் 70-லிருந்து 85-க்குள். அட்டவணையில் இதை நான்காவது வரியாகச் சேர்த்துவிட்டேன். வழக்கமான தாள் மார்க் 58-லிருந்து 64-க்கு ஏறியிருக்கிறது. அடுத்த செமஸ்டருக்கு அந்த 64-ஐத்தான் போடப்போகிறேன்.